இருட்டு சீன்ல ஒண்ணும் தெரியலையா, வசனம் புரியலையா? டிவியை மாத்துறதுக்கு முன்னாடி செட்டிங்கை மாத்துங்க!

மதுரை கே.கே. நகரில் ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். மகன் இலந்தைக்குளம் எல்காட் ஐடி பார்க்கில் வேலை பார்க்கிறார். அம்மாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. ஹாலில் 43 இன்ச் எல்.இ.டி. டிவி, வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் 'கைதி' போடுகிறார்கள். இருட்டு ரோட்டில் லாரி போகிறது. ஹெட்லைட் மட்டும் தெரிகிறது, உள்ளே உட்கார்ந்திருப்பவர் முகம் தெரியவில்லை. யாரோ மெதுவாகப் பேசுகிறார்கள். "என்னடா சொல்றான்?" என்கிறார் அம்மா. மகன் ரிமோட்டை எடுத்து சத்தத்தை 20-லிருந்து 35-க்கு ஏற்றுகிறார். அடுத்த நிமிஷமே சண்டைக் காட்சி. வீடே அதிர்கிறது. கீழ் வீட்டுக்காரர் நினைப்பு வந்து திரும்ப 18-க்கு இறக்குகிறார். அரை மணி நேரத்தில் அம்மா, "நீங்க பாருங்கப்பா, எனக்குத் தூக்கம் வருது" என்று எழுந்து போய்விடுகிறார்.

அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. படம் புரியவில்லை, அவ்வளவுதான். இன்று பல வீடுகளில் பெரியவர்கள் ஹாலை விட்டு எழுந்து போவதற்குக் கதை மட்டும் காரணமில்லை. சப்டைட்டில் போட்டால் நமக்குப் போதும். ஆங்கிலத்தில் ஓடும் சப்டைட்டில் அவர்களுக்கு உதவாது.

இதற்குப் பொதுவாக இரண்டு தீர்ப்பு சொல்லப்படும். ஒன்று, "டைரக்டர் இருட்டுல எடுத்துட்டார்." இன்னொன்று, "டிவி பழசாயிடுச்சு, வேற வாங்கணும்." இரண்டுமே பாதி உண்மைதான். பெரும்பாலான வீடுகளில் முதல் குற்றவாளி, டிவி பெட்டியிலிருந்து வெளியே வந்தபோது இருந்த அதே செட்டிங். அந்த டிவி இன்னும் ஷோரூமில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது.

பழி யார் மேல்?

இருட்டுச் சண்டை நமக்கு மட்டும் சொந்தமில்லை. 2019 ஏப்ரலில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் 'தி லாங் நைட்' எபிசோட் வந்தபோது, எதுவுமே தெரியவில்லை என்று உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்தார்கள். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், இருட்டு வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்றும், பலருக்குத் தங்கள் டிவியைச் சரியாக டியூன் செய்யத் தெரியவில்லை என்றும் பதில் சொன்னார். அது ரசிகர்களை இன்னும் கோபப்படுத்தியது. ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

தமிழில் இது பழைய கதை. மணிரத்னம் படம் என்றாலே இருட்டு, முணுமுணுப்பு என்று கிண்டல் செய்வது முப்பது வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. கதை முழுக்க ஒரே ராத்திரியில் நடக்கும் 'கைதி' (2019) தியேட்டரில் தெளிவாகத் தெரிந்தது. அதே படம் ஹாலில் கறுப்புப் போர்வை போர்த்திக்கொள்கிறது என்றால், சத்யன் சூரியனின் கேமராவைச் சந்தேகப்படும் முன் நம் வீட்டு டிவியை ஒருமுறை சந்தேகப்பட வேண்டும்.

அதற்கு எளிய சோதனை உண்டு. படம் தெரியவில்லை என்று தோன்றும் அதே காட்சியை, அறை விளக்கை அணைத்துவிட்டு போனில் பாருங்கள். போனில் முகம் தெரிந்து டிவியில் தெரியவில்லை என்றால் கோளாறு டிவியில். இரண்டிலும் தெரியவில்லை என்றால் இயக்குநர் அப்படித்தான் வேண்டும் என்று வைத்திருக்கிறார், விட்டுவிடுங்கள்.

முதலில் டிவியை 'வீட்டுக்கு' கொண்டு வாருங்கள்

ஷோரூமில் ஐம்பது டிவி வரிசையாக எரியும். மேலே வரிசையாக ட்யூப்லைட். அங்கே கண்ணைப் பறிக்கிற டிவிதான் விற்கும். அதற்காக இருப்பதுதான் `Vivid` அல்லது `Dynamic` மோட். வெள்ளையை நீலம் கலந்து பளிச்சென்று ஆக்கும், நிறத்தை ஏற்றும். கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிக் காட்ட, கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் மங்கலான விவரங்களை மொத்தமாகக் கறுப்பில் அமுக்கிவிடும். லாரிக்குள் இருந்த முகம் தொலைந்த இடம் இதுதான்.

எனவே முதல் வேலை, பிக்சர் மோடை `Cinema`, `Movie` அல்லது `Filmmaker Mode`-க்கு மாற்றுவது. மாற்றிய உடனே, "என்னடா மஞ்சளா இருக்கு" என்று வீட்டில் சத்தம் வரும். அதுதான் படத்தை எடிட் செய்த அறையில் இருந்த நிறத்துக்கு நெருக்கமானது. இரண்டு மூன்று நாள் பார்த்தால் கண் பழகிவிடும். பிறகு பழைய மோடுக்குப் போனால் எல்லோரும் நீலமாகத் தெரிவார்கள்.

மோட் மாற்றியும் படம் மங்கலாகவே இருந்தால், மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வசதியைப் பாருங்கள். `Energy Saving`, `Eco`, `Light Sensor`, `Brightness Optimization` என்று கம்பெனிக்கு ஒரு பெயர். அறையில் விளக்கு அணைந்ததும் இது திரையின் வெளிச்சத்தையும் தானாகக் குறைத்துவிடும். ராத்திரி விளக்கை அணைத்து உட்கார்ந்தவுடன் படம் மேலும் இருண்டுபோவதற்குக் காரணம் இது. படம் பார்க்கும்போது ஆஃப் செய்துவிடுங்கள்.

சில வீடுகளில் இன்னொரு வேடிக்கை நடக்கும். மாற்றிய செட்டிங் கொஞ்ச நேரத்தில் தானாகவே பழையபடி `Vivid`-க்குத் திரும்பிவிடும். திரையில் டிவியின் அம்சங்களைச் சொல்லும் விளம்பரப் பட்டையும் ஓடும். அப்படியென்றால் டிவி `Store` அல்லது `Retail` மோடில் இருக்கிறது. முதன்முதலில் ஆன் செய்தபோது 'வீடா, கடையா' என்று டிவி கேட்டிருக்கும். அவசரத்தில் யாரோ தப்பாக அமுக்கிவிட்டார்கள். செட்டிங்கில் போய் `Home` மோடுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

பிரைட்னஸ் என்ற பெயரில் ஒரு குழப்பம்

இருட்டாக இருந்தால் எல்லோரும் செய்வது `Brightness`-ஐ ஏற்றுவது. சில டிவிகளில் அந்தப் பெயர் திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கின் வெளிச்சத்தைக் குறிக்கும். சில டிவிகளில் கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்ற அளவைக் குறிக்கும். இரண்டும் வேறு வேறு வேலை. முன்னதைப் பல டிவிகளில் `Backlight` என்றும், பின்னதை `Black Level` என்றும் பார்க்கலாம்.

உங்கள் டிவியில் எது எது என்று கண்டுபிடிக்கப் பெயரை நம்ப வேண்டாம், படத்தை நம்புங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை உள்ள ஒரு சினிமாஸ்கோப் படத்தை, இருட்டுக் காட்சியில், வெள்ளை சப்டைட்டிலோடு பாஸ் செய்யுங்கள். இப்போது அந்த ஸ்லைடரை ஏற்றுங்கள். சப்டைட்டில் உட்பட எல்லாமே பளிச்சென்று ஆனால் அது பின்விளக்கு. சப்டைட்டில் அப்படியே இருந்து, கறுப்புப் பட்டை மட்டும் சாம்பல் நிறத்துக்குப் போனால் அது கறுப்பின் அளவு.

அடுத்து அதே கறுப்புப் பட்டையை வைத்தே சரிசெய்யலாம். தனிக் கருவி எதுவும் வேண்டாம். அந்தப் பட்டையில் படமே கிடையாது. அதுதான் சுத்தமான கறுப்பு. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, கறுப்பின் அளவை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுங்கள். பட்டை சாம்பலாக மாறத் தொடங்கும் இடம் வந்ததும் நிறுத்தி, ஒரு புள்ளி இறக்குங்கள். அதுதான் உங்கள் இடம். அதற்குக் கீழே போனால் விவரம் கறுப்பில் அமுங்கும். மேலே போனால் படம் முழுக்கப் பனி மூடினாற்போல் ஆகிவிடும். `Local Dimming` வசதி இருந்தால் இந்தச் சோதனை முடியும்வரை அதை ஆஃப் செய்து வையுங்கள். இல்லையென்றால் டிவி தானாகவே வெளிச்சத்தை மாற்றி உங்களைக் குழப்பும்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் யூடியூபில் `black clipping test pattern` என்று தேடுங்கள். வரிசையாக எண் போட்ட கோடுகள் மினுக்கும் ஒரு வீடியோ வரும். 16-ம் அதற்குக் கீழும் தெரியக் கூடாது. 17-லிருந்து மேலே மங்கலாகவாவது தெரிய வேண்டும். 22, 23-க்குப் பிறகுதான் கோடே தெரிகிறது என்றால், ஒவ்வொரு படத்திலும் அவ்வளவு விவரத்தை உங்கள் டிவி விழுங்கிக்கொண்டிருக்கிறது.

கறுப்பு சரியான பிறகும் முகங்கள் மங்கலாக இருந்தால் `Gamma`-வைத் தொடுங்கள். 2.4 என்பது இருட்டறைக்கு. விளக்கு எரியும் ஹாலுக்கு 2.2 போதும், இருட்டுப் பகுதிகள் கொஞ்சம் மேலே எழும். எண் இல்லாமல் கூட்டல்-கழித்தல் இருந்தால் ஒரு படி மட்டும் நகர்த்திப் பாருங்கள். பகலில் பின்விளக்கைத் தாராளமாக ஏற்றலாம், ராத்திரி குறைக்கலாம். கறுப்பின் அளவை மட்டும் ஒருமுறை வைத்ததோடு விட்டுவிடுங்கள்.

"நேத்து சரியா இருந்துச்சே?"

எல்லாம் செய்து முடித்து, அடுத்த நாள் வேறு ஆப்பில் வேறு படம் போட்டால் பழைய கதையே திரும்பும். டிவி தன் செட்டிங்கைப் பல பெட்டிகளில் தனித்தனியாக வைத்துக்கொள்வதுதான் காரணம். சாதாரணப் படத்துக்கு ஒன்று, எச்.டி.ஆர். படத்துக்கு ஒன்று, டால்பி விஷனுக்கு ஒன்று. செட்டாப் பாக்ஸ் வரும் எச்.டி.எம்.ஐ. இணைப்புக்கும் தனியாக ஒன்று இருக்கலாம். எனவே அந்தந்த வகைப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனுவைத் திறந்து மாற்ற வேண்டும்.

எச்.டி.ஆர். பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் HDR என்று அச்சிட்டிருந்தாலும், விலை குறைந்த டிவிகள் பலவற்றின் வெளிச்சம் 300 நிட் அளவில்தான் இருக்கும். படங்கள் பெரும்பாலும் 1,000 நிட் திரையை மனதில் வைத்துத் தயாராகின்றன. அவ்வளவையும் சின்னப் பாத்திரத்தில் அடைக்கும்போது படம் மொத்தமாக இருண்டுபோகிறது. `Tone Mapping` என்ற வசதி இருந்தால் `Active` அல்லது ஆன் செய்யுங்கள். டால்பி விஷனில் `Dark`-க்குப் பதில் `Bright` தேர்ந்தெடுங்கள். அதுவும் போதவில்லை என்றால் அந்த டிவியின் எல்லை அவ்வளவுதான்.

இருட்டில் சதுரம் சதுரமாகப் புள்ளிகள் நெளிவதையும் செட்டிங் சரிசெய்யாது. அது இணைய வேகமோ, ஆப்பின் டேட்டா சேவரோ செய்யும் வேலை. ஆப்பில் போய் வீடியோ தரத்தை உயர்த்துங்கள்.

சத்தத்தைக் கூட்டினால் வசனம் புரியாது

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம்: "என்னடா சொல்றான்?"

தியேட்டரில் வசனத்துக்கென்று திரைக்குப் பின்னால், நடுவில், தனி ஸ்பீக்கர் உண்டு. இசை இடது, வலது பக்கங்களில் இருந்தும் சுற்றிலும் இருந்தும் வரும். வீட்டு டிவியில் இரண்டே சின்ன ஸ்பீக்கர்கள். அவையும் பல மாடல்களில் கீழ்நோக்கியோ, சுவரைப் பார்த்தோ இருக்கின்றன. தியேட்டரில் தனித்தனி இடங்களில் இருந்து வந்த வசனம், இசை, சண்டைச் சத்தம் எல்லாம் இந்த இரண்டு துளை வழியாக முட்டி மோதி வருகின்றன. வால்யூமைக் கூட்டினால் வசனத்தோடு சேர்ந்து மோதுகிற எல்லாமும் கூடுகிறது. கடைசியில் அதே அளவுக்குத்தான் புரியும்.

சத்தத்தின் மேல் புகார் தியேட்டரிலேயே உண்டு. 2024 நவம்பர் 14-ல் 'கங்குவா' வெளியானபோது காது வலிக்கிறது என்று ரசிகர்கள் சொன்னார்கள். ஆஸ்கர் வென்ற ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியே இதைப் பற்றி வருத்தத்துடன் எழுதினார். வால்யூமை இரண்டு புள்ளி குறைக்கத் தியேட்டர்களிடம் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா பேசினார். தியேட்டரில் குறைத்தால் தீர்ந்தது. வீட்டில் பிரச்சினை உயரத்தில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. முணுமுணுப்புக்கும் வெடிச்சத்தத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சுருக்க வேண்டும்.

முதலில் ஆப்பிலேயே பாருங்கள். படம் ஓடும்போது `Audio` பகுதியில் தமிழ், தமிழ் `5.1` என்று இரண்டு இருந்தால், வெறும் டிவி ஸ்பீக்கரில் கேட்பவர்கள் 5.1 இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கென்று தயாரான ஒலி அது.

அடுத்து டிவியின் சவுண்ட் மோட். `Cinema`, `Music`, `Surround` என்ற பெயர்கள் ஆசை காட்டும். ஆனால் சின்ன ஸ்பீக்கரில் அவை வசனத்தைக் கரைத்துவிடும். `Clear Voice`, `Voice Zoom`, `Amplify`, `Dialogue`, `News` என்று பேச்சை முன்னிறுத்தும் எதுவாக இருந்தாலும் அதைப் போடுங்கள். `Night Mode`, `Auto Volume` அல்லது `DRC` இருந்தால் ஆன் செய்யுங்கள். மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கும் வேலையை இவைதான் செய்கின்றன. ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த மகனின் வேலையை இனி டிவி பார்த்துக்கொள்ளும்.

ஈக்வலைசர் இருந்தால் ஒரே ஒரு மாற்றம் போதும். ஒரு வார்த்தையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது க, ச, த, ப போன்ற மெய்யொலிகள். அவற்றின் தெளிவு பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. அந்த இடத்தை இரண்டு மூன்று புள்ளி ஏற்றுங்கள்; 100 ஹெர்ட்ஸ் பக்கத்தை அதே அளவு இறக்குங்கள். குரல் கொஞ்சம் மெலிந்து கேட்கும், ஆனால் புரியும். 'ஸ', 'ஷ' ஒலிகள் காதில் குத்தினால் ஒரு புள்ளி குறையுங்கள்.

சவுண்ட்பார் வைத்திருப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. நடுவில் தனி ஸ்பீக்கர் இல்லாத 2.1 சவுண்ட்பார் என்றால், டிவியின் `Digital Audio Out`-ஐ `PCM`-க்கு மாற்றி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சில சவுண்ட்பார்களில் வசனம் சட்டென்று தெளியும். சப்வூஃபரை இரண்டு மூன்று புள்ளி குறையுங்கள்.

பிறகு தலைக்கு மேலே பாருங்கள். மதுரை வெயிலுக்கு ஃபேன் ஐந்தில் ஓடும். அதன் 'உஸ்ஸ்' சத்தம் முணுமுணுப்பை விழுங்கப் போதும். படம் ஓடும்போது மூன்றில் வைத்துப் பாருங்கள். டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் உள்ள ஹாலில் குரல் எதிரொலித்துக் குழம்பும். டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை போட்டால் வித்தியாசம் கேட்கும்.

காதா, டிவியா?

இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. செய்தி சேனலைப் போட்டு, செய்தி வாசிப்பவர் பேசுவது அம்மாவுக்குப் புரிகிறதா என்று கேளுங்கள். செய்தி புரிந்து, படம் மட்டும் புரியவில்லை என்றால் கோளாறு ஒலிக்கலவையிலும் செட்டிங்கிலும். செய்தியே புரியவில்லை, "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு தெரியல" என்றால் அது காதாக இருக்கலாம். வயது ஏறும்போது முதலில் குறைவது உயர் அதிர்வெண் ஒலி கேட்கும் திறன். வார்த்தையைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகளும் அங்கேதான் இருக்கின்றன. அதற்கு மருந்து ரிமோட்டில் இல்லை. அரசு ராஜாஜி மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவிலோ, பக்கத்தில் உள்ள காது டாக்டரிடமோ ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. "எனக்கு எதுவும் இல்ல, படம்தான் சரியில்ல" என்று அம்மா சொல்வதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் வீட்டில் சண்டையும் வராது.

இதெல்லாம் ஏன் நாம செய்யணும்?

நியாயமான கேள்வி. டிவியை மாட்ட வருபவர் சுவரில் ஓட்டை போட்டு, ஸ்டாண்ட் மாட்டி, வைஃபை கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். பிக்சர் மோடை மாற்றி, கறுப்பைச் சரிபார்க்கப் பத்து நிமிஷம் கூட ஆகாது. அந்தப் பத்து நிமிஷம் இன்ஸ்டலேஷனின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குபவர், கடைக்குப் போட்ட மேக்கப்போடு டிவியைப் பெற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்த முறை டிவி மாட்ட வருபவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். நிறையப் பேர் கேட்டால்தான் வழக்கமாகும்.

ஓடிடி நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. வசனத்தை மட்டும் தூக்கிக் காட்டும் `Dialogue Boost` வசதியை அமேசான் பிரைம் வீடியோ 2023-ல் அறிமுகப்படுத்தியபோது, சில ஆங்கிலப் படைப்புகளில்தான் தொடங்கியது. சப்டைட்டில் படிக்க முடியாத, முழு வசனத்தையும் காதால் மட்டுமே பிடிக்க வேண்டிய தமிழ்ப் பார்வையாளருக்குத்தான் அது அதிகம் தேவை. தியேட்டருக்காகக் கலந்த ஒலியை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "உங்க டிவி சரியில்லை" என்று சொல்வது படைப்பாளிகளுக்கும் அழகில்லை. வாக்னர் சொன்னது பாதி உண்மை என்றால், மீதிப் பாதி இதுதான்.

அவர்கள் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த சனிக்கிழமை படம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் ரிமோட்டை எடுங்கள். மோடை மாற்றுங்கள், மின்சார சேமிப்பை அணையுங்கள், கறுப்புப் பட்டையைப் பாருங்கள், குரலுக்கான மோடைப் போடுங்கள், ஃபேனை மூன்றுக்கு இறக்குங்கள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வால்யூமை அவர் கையில் கொடுங்கள். படம் முடியும்வரை அவர் எழுந்து போகவில்லை என்றால் செட்டிங் சரி.